பூஜ்யத்துக்குள் எத்தனை கிராம்?



அமெரிக்கக் கடைகளில் 'ஹெவி விப்பிங் க்ரீம்' என்று ஒரு அட்டைப்பெட்டி விற்கிறார்கள். பாலேட்டை விடக் கெட்டியாக, ஊற்றினால் மெதுவாக இறங்கும் க்ரீம். மகள், மகன் வீட்டுக்கு அங்கே போய்வந்த வாசகர்கள் பலர் அதைக் கையில் எடுத்திருப்பீர்கள்; பனீர் பட்டர் மசாலாவிலும் பாயசத்திலும் ஊற்றியிருப்பீர்கள். அதன் பக்கவாட்டில் உள்ள ஊட்டச்சத்துப் பட்டியலில் கொழுப்பு 5 கிராம், கலோரி 50, மாவுச்சத்து 0 கிராம், புரதம் 0 கிராம் என்று அச்சிட்டிருப்பது வழக்கம்.

பாலிலிருந்து எடுத்த க்ரீமில் புரதம் எப்படி இல்லாமல் போகும்? பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் எங்கே போனது? இரண்டும் எங்கேயும் போகவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையைப் பார்த்தால், இதே க்ரீமில் 100 கிராமுக்குச் சுமார் 2.8 கிராம் புரதமும் 2.7 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. ஆனாலும் பெட்டியின் மேல் உள்ள பூஜ்யம் சட்டப்படி சரியானது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. விதி சொன்னபடி அச்சிட்டிருக்கிறது. இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது அந்த விதியைப் பற்றித்தான். பெரும்பாலான வீடுகளில் இதனால் ஒரு கெடுதலும் வராது. சில வீடுகளிலோ, இந்தப் பூஜ்யத்தை நம்பினால் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அது தெரியும்.

இரண்டு விதிகள் சேர்ந்துதான் இந்தப் பூஜ்யத்தை உண்டாக்குகின்றன. முதலாவது, பரிமாறும் அளவு. அமெரிக்காவில் லேபிளில் உள்ள எண்கள் 'ஒரு முறை பரிமாறும் அளவு' ஒன்றுக்கு உரியவை. அது எவ்வளவு என்பதை நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. மக்கள் வழக்கமாக ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து, அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒவ்வொரு வகை உணவுக்கும் ஓர் அளவை அடிப்படையாக வகுத்திருக்கிறது. க்ரீமுக்கு அது 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. காபியில் ஊற்றிக்கொள்ளும் பொருளாக அதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, முழு எண்ணாக்கும் விதி. புரதமும் மாவுச்சத்தும் ஒரு பரிமாறும் அளவில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் '0' என்று போடலாம். அரை கிராமுக்கு மேல், ஒரு கிராமுக்குள் இருந்தால் '1 கிராமுக்கும் குறைவு' என்று எழுதலாம். அல்லது '1' என்றே போடலாம். அதற்கு மேல் போனால் அருகில் உள்ள முழு கிராம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி க்ரீம் ஏறக்குறைய 15 கிராம். அதில் புரதம் 0.43 கிராம், மாவுச்சத்து 0.41 கிராம். இரண்டும் அரை கிராமுக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. ஆகவே இரண்டும் பூஜ்யம். காபிக்கு ஒரு கரண்டி ஊற்றுகிறவருக்கு இந்தப் பூஜ்யம் நியாயமானதுதான். ஆனால் சமையலில் யார் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறார்கள்? அமெரிக்க அளவில் ஒரு கப் என்றால் 16 மேசைக்கரண்டி. ஒரு கப் க்ரீமில் ஏறத்தாழ 6.8 கிராம் புரதமும் 6.5 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. லேபிளை வைத்துப் பெருக்குகிறவருக்குப் பதினாறு பூஜ்யம், பூஜ்யம். சுமார் 473 மில்லி பிடிக்கும் பைன்ட் பெட்டி ஒன்றை முழுதாகக் காலி செய்தால் 13 கிராமுக்கு மேல் புரதம் உள்ளே போயிருக்கும். லேபிள் கணக்கில் அப்போதும் ஒன்றுமில்லை.

எண்களை முழுதாக்குவதில் பிழை வருவது இயல்பு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 7.4 கிராமை 7 என்றும் 7.6 கிராமை 8 என்றும் போடும்போது ஒன்று கூடும், ஒன்று குறையும். நாள் முழுதும் பல பொருள்களைச் சாப்பிட்டால் இந்தக் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். பூஜ்யத்தின் பிழை அப்படிப்பட்டதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே எந்த உணவும் போக முடியாது. ஆகவே '0' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு பொருளின் உண்மை அளவும் ஒன்று சரியாகப் பூஜ்யம், இல்லையேல் அதற்கு மேல். பிழை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாயும். அந்த மாதிரிப் பொருள்கள் ஐந்தாறு ஒரே நாளில் தட்டுக்கு வந்தால் பிழைகள் கூடிக்கொண்டே போகும். ஒரே பொருளைப் பத்துக் கரண்டி சேர்த்தால் அதே பிழை பத்து மடங்காகும். எந்த இடத்திலும் அது தானாகச் சரியாகாது. இந்த விதியில் எனக்குள்ள வருத்தமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

இது யாரைப் பாதிக்கும்? பினைல்கீட்டோன்யூரியா என்றொரு பிறவிக் குறைபாடு உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.கே.யு. என்பார்கள். 1934-இல் நார்வே மருத்துவர் ஆஸ்பியார்ன் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார். நாம் சாப்பிடும் புரதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இந்தக் குறைபாடு உள்ளவர்களின் உடலால் அதைச் சரியாக மாற்றிச் செலவழிக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். பிறந்த உடனே கண்டுபிடித்து, உணவில் புரதத்தை அளந்து கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். கவனிக்காமல் விட்டால் அறிவு வளர்ச்சி மீள முடியாதபடி குன்றும். இதற்காகவே அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

கடுமையான வகை பி.கே.யு. உள்ள குழந்தைக்கு, சாதாரண உணவிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு கிராம் புரதம்தான் தாங்கும் என்ற நிலை சாதாரணம். மீதித் தேவைக்கு, பினைல் அலனின் நீக்கிய சிறப்பு ஃபார்முலாவைக் குடிக்க வேண்டும். ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பினைல் அலனின் என்பது இந்த வீடுகளில் புழங்கும் வாய்பாடு. அம்மாக்களின் சமையலறையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசும் ஒரு நோட்டும் எப்போதும் இருக்கும். உருளைக்கிழங்கு இத்தனை கிராம், சோறு இத்தனை கிராம் என்று எடை போட்டு எழுதுவார்கள்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனையில் எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளை. நாளுக்கு அனுமதி 6 கிராம் புரதம். மதியம் புரதம் குறைத்துச் செய்த பாஸ்தா. அதில் வெறும் தக்காளிச் சாறு பிள்ளைக்கு அலுத்துவிட்டது என்று அம்மா நான்கு மேசைக்கரண்டி க்ரீம் சேர்க்கிறார். சாயங்காலம் ஸ்ட்ராபெரி மேல் ஒரு கரண்டி. ராத்திரி உருளைக்கிழங்கு சூப்பில் மூன்று கரண்டி. மொத்தம் எட்டு. பெட்டியில் புரதம் 0 என்று இருப்பதால் நோட்டில் க்ரீமுக்கு எதிரே பூஜ்யம். மற்ற உணவிலிருந்து 6 கிராமைச் சரியாக அளந்து கொடுத்தாகிவிட்டது.

எட்டுக் கரண்டியில் உண்மையில் இருந்தது 3.4 கிராம் புரதம். பிள்ளைக்குப் போனது ஆறு கிராம் என்று நோட்டு சொல்கிறது; போனது ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. பினைல் அலனினில் சுமார் 170 மில்லிகிராம் அதிகம். ஒரு நாள் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளைக்குப் பிடித்துவிட்டது, லேபிளும் பூஜ்யம் என்கிறது. யார் தினமும் கொடுக்க மாட்டார்கள்? அடுத்த முறை விரலில் குத்தி, அட்டையில் ரத்தப் புள்ளி உலர வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது எண் ஏறியிருக்கிறது. லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல் வரை வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல். அதைத் தாண்டிவிட்டது.

இங்கிருந்துதான் உண்மையான அவதி தொடங்குகிறது. எண் ஏறியதும் டயட்டீஷியன் வரிசையாகக் கேட்பார்: காய்ச்சல் வந்ததா, ஃபார்முலாவைப் பாதியில் விட்டானா, பள்ளியில் யாராவது ஏதாவது கொடுத்தார்களா? இவை எல்லாமே எண்ணை ஏற்றக்கூடியவை. காய்ச்சலின்போது உடல் தன் சொந்தத் தசைப் புரதத்தையே கரைக்கும். அதிலிருந்தும் பினைல் அலனின் வெளிவரும். அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குற்றவாளி நோட்டிலேயே இருக்கிறது, பூஜ்யம் என்ற வேஷத்தில். பல வீடுகளில் '0' போட்ட பொருளை நோட்டில் எழுதுவதே இல்லை. அங்கே தேடினாலும் கிடைக்காது. கடைசியில் சோற்றையோ உருளைக்கிழங்கையோ குறைத்துவிடுவார்கள். பிள்ளை பசியோடு இருக்கும். க்ரீம் மட்டும் தொடரும்.

ஆகவே இந்த வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். லேபிளில் '0' என்று இருந்தாலும் பொருளின் பெயரையும், சேர்த்த எடையையும் நோட்டில் எழுதி வையுங்கள். எண் பிறகு கிடைக்கும். என்ன சாப்பிட்டான் என்பது பிறகு நினைவிருக்காது.

இதே க்ரீம் இன்னொரு வகைக் குழந்தைகளுக்கு அன்றாட உணவாகவே இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு 1921-இலிருந்து பயன்படும் கீட்டோஜெனிக் உணவுமுறையைச் சொல்கிறேன். உடல் இளைக்கச் சிலர் பின்பற்றும் கீட்டோ வேறு. இது மருத்துவமனையில் கணக்கிட்டுக் கொடுக்கும் சிகிச்சை. இதில் கடுமையான வடிவம் நாலுக்கு ஒன்று: புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். ஒரு வேளைக்கு 40 கிராம் கொழுப்பு, மற்ற இரண்டும் சேர்ந்து 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக்காக 60 கிராம் க்ரீம் சேர்க்கிறோம். லேபிளை நம்பி அதில் கொழுப்பு மட்டும்தான் என்று கணக்கிட்டால், கண்ணில் படாமல் 3.3 கிராம் புரதமும் மாவுச்சத்தும் நுழைகின்றன. பத்து, பதின்மூன்றைத் தாண்டுகிறது. நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்றாக இறங்கிவிடுகிறது. டயட்டீஷியன்கள் லேபிளை விட்டுவிட்டு உணவு அட்டவணையிலிருந்து கணக்குப் போடுவது இதனால்தான். அவர்கள் கொடுத்த தாளில் க்ரீமுக்குப் பூஜ்யம் இருக்காது. சிக்கல், பிராண்டை மாற்றும்போதும் வீட்டில் தானாகப் புதிய பண்டம் செய்யும்போதும்தான் வருகிறது.

மாவுச்சத்துக்கு இன்னும் தெளிவான உதாரணம் சர்க்கரைக்குப் பதிலாக விற்கும் இனிப்புத் தூள். சுக்ரலோஸ் சர்க்கரையை விடப் பல நூறு மடங்கு இனிப்பு. அதை அப்படியே கரண்டியில் அள்ள முடியாது என்பதால் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோடு கலந்து பஞ்சு போல ஆக்கி விற்கிறார்கள். ஒரு தேக்கரண்டித் தூளில் சுமார் அரை கிராம் மாவுச்சத்து, 2 கலோரி. ஐந்து கலோரிக்குக் குறைவானதைப் பூஜ்யம் எனலாம் என்பதும் விதி. ஆகவே முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பூஜ்யக் கலோரி. காபிக்கு ஒரு கரண்டி என்றால் சரி. சர்க்கரைக்குப் பதில் கேக்குக்கு ஒரு கப் கொட்டினால் அது 48 தேக்கரண்டி: 24 கிராம் மாவுச்சத்து, 96 கலோரி. இன்சுலின் ஊசியை மாவுச்சத்துக் கணக்குப்படி போட்டுக்கொள்ளும் முதல் வகை நீரிழிவுக்காரருக்கு இது கணக்கில் வைக்க வேண்டிய அளவு. கேக்கை எட்டுப் பேர் பங்கிட்டால் ஒரு துண்டுக்கு மூன்று கிராம்தான், பதற வேண்டியதில்லை. பாதிக் கேக்கை ஒருவரே சாப்பிட்டால் பன்னிரண்டு.

லேபிளில் உள்ள மற்ற எண்களை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்க முடியாதா? பலர் செய்து பார்க்கும் வழி ஒன்று உண்டு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. க்ரீமில் 5 கிராம் கொழுப்பு, ஆக 45 கலோரி. லேபிள் 50 என்கிறது. மீதி 5 கலோரி புரதத்திலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கிராமுக்கு 4 கலோரி, எனவே ஒன்றேகால் கிராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 5 கிராம் கொழுப்பும் முழுதாக்கிய எண், 50 கலோரியும் முழுதாக்கிய எண். உண்மைக் கொழுப்பு 5.4 கிராமாக இருந்தால் அதற்கு மட்டுமே 48.6 கலோரி, மீதி ஒன்றிரண்டு கலோரிதான். முழுதாக்கிய இரண்டு எண்களைக் கழித்து வரும் விடையை நம்பி ஒரு பிள்ளைக்குச் சோறு அளக்கக் கூடாது.

உறுதியாக ஒன்றைச் சொல்ல லேபிளிலேயே இடமிருக்கிறது: புரதம் இருக்கிறதா இல்லையா என்பதை. அமெரிக்க லேபிளில், உட்பொருள் பட்டியலிலோ அதன் அருகிலோ, பால், சோயா, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் அவற்றைச் சொல்ல வேண்டும். பால் இருக்கிறது என்று அங்கே போட்டிருந்து, மேலே புரதம் 0 என்று இருந்தால், அந்தப் பூஜ்யம் முழுதாக்கிய பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். பால் இல்லாத காபிக் க்ரீமர் என்று விற்கும் தூளிலேயே சோடியம் கேசினேட் இருப்பதைப் பார்க்கலாம். அது பாலின் புரதம். நல்லெண்ணெய், சர்க்கரை போன்றவற்றில் புரதம் 0 என்றால் அதை நம்பலாம். உட்பொருள் பட்டியல்தான் இந்த இரண்டு பூஜ்யங்களையும் பிரித்துக் காட்டும்.

எவ்வளவு என்று தெரிந்துகொள்ள லேபிளுக்கு வெளியே போக வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் FoodData Central தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் 100 கிராமுக்கான அளவு தசமத்தோடு கிடைக்கும். அங்கே ஓர் எச்சரிக்கை: பிராண்டுப் பெயரோடு வரும் பதிவுகள் பல, லேபிள் எண்ணையே 100 கிராமுக்கு மாற்றிப் போட்டவை. அதே பூஜ்யம் அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும். பிராண்டு இல்லாத பொதுப் பதிவைத் தேடுங்கள். அது கிடைக்காத கலவைப் பொருளுக்கு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி, 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், முழுதாக்காத எண் வேண்டும் என்று கேளுங்கள். 'முழுதாக்காத' என்பதை விட்டுவிட்டால் லேபிள் எண்ணையே திருப்பி அனுப்புவார்கள். கிடைத்ததும் தராசில் எடை போட்டுப் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 2.8 என்றால் 60 கிராமுக்கு 1.7.

எண் எதுவும் கிடைக்காத வேளையில், ஒரு பரிமாறும் அளவுக்கு அரை கிராம் என்று மேல்வரம்பாக வைத்துக் கணக்கிடலாம். அதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பினைல் அலனின் உடலுக்கு அறவே வேண்டாத பொருள் இல்லை. வளரும் பிள்ளைக்கு அது கொஞ்சம் தேவை. இல்லாத புரதத்தை இருப்பதாக எழுதி, நாளெல்லாம் மற்ற உணவைக் குறைத்தால் அதுவும் கெடுதல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கையாக உணவில் உள்ள புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும், லேபிளில் சொன்னதில் குறைந்தது 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கிறது. நியாயமான அளவு கூடுதலாக இருந்தால் அதை அனுமதிக்கிறது. புரதம் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதிய விதி இது. புரதம் கூடிவிடக் கூடாதே என்று அஞ்சும் வீடுகளை அது நினைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை மேல். அங்கே 100 கிராம் அல்லது 100 மில்லிக்கு என்று எழுதியே ஆக வேண்டும். பத்து கிராமுக்குக் குறைவான புரதத்தை ஒரு தசமம் வரை காட்டுவது அங்கே வழிகாட்டுதல். அதே க்ரீம் அங்கே விற்றால் 2.8 என்று கண்ணெதிரே இருக்கும். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி, ஒரே வேளையில் தீரும் சிறு பாக்கெட் தவிர மற்றவற்றுக்கு 100 கிராம் அல்லது 100 மில்லி கணக்குத்தான். நம் ஊர்க் கடையில் வாங்கும் க்ரீம் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். புரதமும் மாவுச்சத்தும் பெரும்பாலும் எண்ணோடு இருக்கும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த பண்டத்தை எடுக்கும்போதுதான், அந்த எண் எத்தனை கிராமுக்கு என்ற வரியை முதலில் படிக்க வேண்டும்.

அமெரிக்க விதியை மாற்றுவது கடினமான காரியமில்லை என்பது என் எண்ணம். ஒரு பரிமாறும் அளவில் ஆய்வகம் கண்டது 0.4 கிராம் என்றால், '0' என்பதற்குப் பதில் 'அரை கிராமுக்கும் குறைவு' என்று போடச் சொன்னால் போதும். ஒன்றுமே இல்லாத எண்ணெய்க்கு மட்டும் பூஜ்யம் இருக்கட்டும். அல்லது 100 கிராமுக்கென ஒரு பத்தியைச் சேர்க்கட்டும். 2016-இல் லேபிளைத் திருத்தியபோது, இரண்டு மூன்று பரிமாறும் அளவு கொண்ட பாக்கெட்டுகளில் முழுப் பாக்கெட்டுக்கும் தனிப் பத்தி வேண்டும் என்று சேர்த்தார்கள், நல்ல காரியம். முப்பது கரண்டி கொண்ட க்ரீம் பெட்டிக்கு அது பொருந்தாது.

உங்கள் உறவிலோ அக்கம்பக்கத்திலோ பி.கே.யு. குழந்தையோ கீட்டோஜெனிக் சிகிச்சையில் உள்ள குழந்தையோ இருந்தால், இந்தப் பக்கத்தை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். தாங்கள் பயன்படுத்தும் பொருள்களுக்கு நிறுவனங்களிடமிருந்து முழுதாக்காத எண்களைக் கேட்டு வாங்கியவர்கள், அந்தப் பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பொருள், 100 கிராமுக்கான புரதம், மாவுச்சத்து, பதில் வந்த தேதி ஆகியவை இருந்தால் போதும். சரிபார்த்து, வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்